‘வைத்திலிங்கத்தில் ஒரு ஆச்சே குறைகிறது’

கேள்வி: பார்சிலோனாவுக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். மருத்துவரிடம் நேரம் வாங்கவோ, இணைய இணைப்பு கேட்கவோ போன் செய்தால் பெயரையும் ஈமெயிலையும் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்கிறார்கள். ஸ்பானிஷ் எழுத்துகளின் பெயர் ஓரளவு தெரியும். கடைசியில் அவர்கள் என் பெயரைச் சரியாகத்தான் திருப்பிச் சொல்கிறார்கள், ஆனால் மெயில் வந்து சேர்வதே இல்லை. எங்கே தப்பு நடக்கிறது?
– யாழினி வைத்திலிங்கம்

பதில்: நீங்கள் எழுதியதில் கடைசிக்கு முந்தைய வரிதான் விஷயம். பெயரைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள் என்பதற்காக, சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்பானிஷில் H எழுத்துக்கு ஒலியே கிடையாது. B, V இரண்டுக்கும் ஒரே ஒலி. ஆகவே Vaithilingam என்று எழுதியிருந்தாலும், Baitilingam என்று எழுதியிருந்தாலும், எதிர்முனையில் இருப்பவர் வாசிக்கும்போது உங்கள் காதில் ‘பைதிலிங்கம்’ என்றுதான் விழும். நீங்களும் ‘ஸீ, ஸீ’ என்று சொல்லி வைத்துவிடுவீர்கள்.

அதனால் சொல்லி முடித்ததும் பெயரை வாசிக்கச் சொல்லாதீர்கள், எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள்: ‘மே லோ லேயே லெத்ரா போர் லெத்ரா, போர் ஃபவோர்?’ அலுத்துக்கொள்ள மாட்டார்கள். கார்சியாவும் மார்த்தினெஸும் தவிர எந்தப் பெயர் வந்தாலும் ‘பேயா, உவேயா?’ என்று கேட்டே பழகியவர்கள்.

இனி உங்கள் பெயரையே எடுத்துக்கொள்வோம். பெயரைச் சொன்ன கையோடு, அவர் காதில் விழுந்தபடி எழுதத் தொடங்குவதற்குள், ‘ஸே லோ தெலெத்ரேயோ’ என்று சொல்லிவிடுங்கள். ‘எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்’ என்று பொருள். அப்புறம் எழுத்துகள் மட்டும்தான். நடுவில் பெயரை மறுபடி சொன்னால் அவர் கை, காதில் விழும் ஒலியின் பின்னால் போய்விடும்.

Yazhini: இ கிரியேகா, ஆ, ஸேத்தா, ஆச்சே, இ லத்தீனா, எனே தே நபார்ரா, இ லத்தீனா.

Y எழுத்துக்கு ஸ்பானிய மொழிக் கழகம் 2010-இல் ‘யே’ என்ற பெயரைப் பரிந்துரைத்தது. ஸ்பெயினில் போனை எடுப்பவர் இன்னும் ‘இ கிரியேகா’ என்றுதான் எதிர்பார்ப்பார், அதையே சொல்லுங்கள். ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ‘இ’ என்று சொல்லி நிறுத்தினால் அவர் அதற்குள் I தட்டிவிடுவார். அதே காரணத்துக்காக I வரும்போதெல்லாம் ‘இ லத்தீனா’ என்று முழுதாகச் சொல்வது நல்லது. Z-ஐ ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துத் ‘தேத்தா’ போல் சொல்வார்கள். நீங்கள் ‘ஸேத்தா’ என்றாலும் புரியும்.

Vaithilingam: உவே தே பலென்ஸியா, ஆ, இ லத்தீனா, தே தே தொலேதோ, ஆச்சே, இ லத்தீனா, எலே, இ லத்தீனா, எனே தே நபார்ரா, ஹே தே கிரனாதா, ஆ, எமே தே மத்ரித்.

எல்லா எழுத்துக்கும் ஊர்ப்பெயர் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். ஆச்சே, ஸேத்தா, இ கிரியேகா, ஹோத்தா (J), எக்கீஸ் (X) எல்லாம் வேறு எதோடும் குழம்பாத பெயர்கள். குழம்புபவை ஒரே மாதிரி முடியும் குறும்பெயர்கள்தான்: B, C, D, G, P, T ஆறும் ‘ஏ’ என்று முடிகின்றன. அடுத்து M, N, போன் ஒலியில் இவை இரண்டும் ஒன்றாகிவிடும். V உச்சரிக்கப்படும்போது ‘உபே’ போலக் கேட்கும், ‘உ’ விழுங்கப்பட்டால் B ஆகிவிடும். இவற்றுக்கு மட்டும் ஊர்ப்பெயர் போதும். பன்னிரண்டு எழுத்துக்கும் பன்னிரண்டு ஊர் சொன்னால் கேட்பவர் பாதியில் இடத்தை விட்டுவிடுவார். ஊர்கள் இன்னவைதான் என்று கட்டாயம் இல்லை, தெரிந்த பெயராக இருந்தால் சரி. B-க்கு உங்கள் பார்சிலோனா இருக்கவே இருக்கிறது.

T, D இரண்டையும் தமிழில் ‘தே’ என்றுதான் எழுத முடிகிறது. T-க்குத் ‘தண்ணீர்’ சொல்லில் முதலில் வரும் த, D-க்குப் ‘பந்து’ சொல்லில் வரும் த. P, B இரண்டும் அப்படித்தான்: ‘பாம்பு’ என்பதில் முதல் ப P, இரண்டாவது B. ஆங்கிலப் பழக்கத்தில் ‘டீ’ என்று சொல்லிவிடாதீர்கள், அது D என்று விழ வாய்ப்பு உண்டு.

அவசரத்தில் நாக்கு ஆங்கிலத்துக்குத் தாவுவதுதான் பெரிய ஆபத்து, அதுவும் உயிரெழுத்துகளில். A-ஐ ‘ஏ’ என்றால் அவர் E என்று எழுதுவார். E-ஐ ‘ஈ’ என்றால் I. I-ஐ ‘ஐ’ என்றால் இரண்டு எழுத்து சேர்த்து AI. மூன்றுமே ஸ்பானிஷில் முறையான எழுத்துப் பெயர்களாகவே ஒலிப்பதால் அவருக்குச் சந்தேகமே வராது, திருப்பிக் கேட்கவும் மாட்டார். ஒரே ஒரு விஷயம்தான் பயிற்சி செய்ய முடியும் என்றால் இந்த மூன்றையும் செய்யுங்கள்: A ‘ஆ’, E ‘ஏ’, I ‘இ’.

இன்னொரு குழி, ‘தே’ என்ற இணைப்புச் சொல். ‘எமே தே மத்ரித்’ என்பதில் நடுவில் வரும் ‘தே’, D எழுத்தின் பெயரும்கூட. ‘எமே… தே…’ என்று இழுத்தால் MD என்று திரையில் ஏறும். மூன்று சொல்லையும் ஒட்டிச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் மூச்சு விடுங்கள். அதேபோல் எழுத்துகளுக்கு நடுவே ‘உம்’ என்ற பொருளில் ‘இ’ போடக் கூடாது. ‘தே, இ ஆச்சே’ என்றால் TIH ஆகும். ‘அடுத்து’ என்று சொல்ல வேண்டுமானால் ‘லுவேகோ’ இருக்கிறது: ‘தே தே தொலேதோ, லுவேகோ ஆச்சே.’ T-க்குப் பின் H வருவது ஸ்பானிஷில் வழக்கமில்லை என்பதால், கை அதைத் தானாக விட்டுவிடும். அந்த இடத்தில் சற்று நின்று போவதே நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை, மூன்று நான்கு எழுத்து சொல்லி நிறுத்துங்கள். அவர் ‘பாலே’ என்றோ ‘ஸீ’ என்றோ சொன்னதும் அடுத்த தொகுதி. Vait, hili, ngam என்று பிரித்தால் சரியாக மூன்று மூச்சு.

பிறகு அவர் எழுத்து எழுத்தாக வாசிக்கும்போது தப்பு வந்தால், முதலிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால் ‘ஃபால்தா’, கூடுதலாக இருந்தால் ‘ஸோப்ரா’. உங்கள் பெயரில் அடிக்கடி தேவைப்படும் வாக்கியம் இதுதான்: ‘ஃபால்தா உனா ஆச்சே தெஸ்புயேஸ் தே லா தே’, அதாவது T-க்குப் பின்னால் ஒரு H குறைகிறது. எழுத்து மாறியிருந்தால் ‘நோ எஸ் பே, எஸ் உவே’ என்று அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

பெயர் முடிந்ததும் ‘ஸெகுந்தோ அபெயிதோ?’ என்று கேட்பார்கள். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர். இருக்கட்டுமே என்று ‘வைத்திலிங்கம்’ மறுபடி சொன்னால் படிவத்தில் இரண்டு முறை ஏறிவிடும், பிறகு கடவுச்சீட்டோடு ஒத்துப்போகாது. ‘நோ தெங்கோ’ (இல்லை) என்றால் போதும்.

இப்போது ஈமெயில். மாதிரிக்கு yazhini_v67@example.com என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ‘தோதோ ஹுந்தோ, என் மினுஸ்குலாஸ்’ (இடைவெளி இல்லாமல், சிறிய எழுத்தில்) என்று சொல்லிவிட்டு yazhini பகுதியை மேலே பார்த்தபடி சொல்லுங்கள். பெயரை ஏற்கெனவே சொல்லியாயிற்றே என்று ‘என் பெயர்தான்’ எனச் சுருக்க வேண்டாம். அவர் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அதே தப்பு இங்கேயும் வரும். கீழ்க்கோட்டுக்குக் ‘கியோன் பாஹோ’. வெறும் ‘கியோன்’ என்றால் நடுவில் போடும் சிறு கோடு, முகவரியே வேறாகிவிடும். ‘அண்டர்ஸ்கோர்’ என்று சொல்லிப் பார்க்காதீர்கள், பலருக்குப் புரியாது. பிறகு ‘உவே தே பலென்ஸியா’.

எண்களைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். அறுபது ‘ஸெஸெந்தா’, எழுபது ‘ஸெதெந்தா’. போனில் இரண்டையும் பிரித்தறிய ஸ்பானியர்களே தடுமாறுவார்கள். ‘ஸெய்ஸ், ஸியேதே’ என்று ஒவ்வொன்றாக: ஆறு, ஏழு.

@ குறிக்கு ‘அர்ரோபா’, புள்ளிக்குப் ‘புன்தோ’. கடைசியில் வருவது ‘புன்தோ கோம்’. ஜிமெயில் போன்ற பெயர்களை எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, சொன்னாலே தெரியும். அலுவலக முகவரி என்றால் அர்ரோபாவுக்குப் பின்னால் இருப்பதையும் எழுத்தெழுத்தாகவே சொல்ல வேண்டும். ஜிமெயிலில் முகவரிக்குள் வரும் புள்ளியை இடம் மாற்றிப் போட்டாலும் விட்டாலும் மெயில் உங்களுக்கே வரும், அந்த ஒன்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கீழ்க்கோடு ஜிமெயிலில் கிடையவே கிடையாது. ஆகவே உங்களுடையது ஜிமெயில் முகவரியாக இருந்து, அவர் ‘கியோன் பாஹோ’ என்று வாசித்தால் அங்கே ஏதோ தவறு என்று பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் நம்பிக்கை வரவில்லையா? போனை வைப்பதற்கு முன் ‘மே புவேதே மந்தார் உன் கொர்ரேயோ தே புருவேபா?’ என்று கேளுங்கள். சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்வது இது. சின்ன மருத்துவமனைகளிலும் கடைகளிலும் உடனே அனுப்புவார்கள். பெரிய நிறுவனங்களின் அழைப்பு மையங்களில் அந்த வசதி இல்லை என்று சொல்லக்கூடும். அங்கே எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்வது ஒன்றுதான் வழி.

பின்னொரு நாள் மெக்சிகோவுக்கோ அர்ஜென்டினாவுக்கோ பேச வேண்டி வந்தால் ஒரு மாற்றம்: அங்கே V-ஐ ‘உவே’ என்பதைவிட ‘பே சீக்கா’, ‘பே கோர்தா’ என்று அடைமொழி சேர்த்தே சொல்வார்கள். B-க்குப் ‘பே கிராந்தே’, ‘பே லார்கா’. பலென்ஸியாவைக் கூடச் சேர்த்துச் சொன்னால் அங்கேயும் சிக்கல் இருக்காது.