ரவா தோசை வீடியோ: தம்ப்நெயிலும் தலைப்பும்

"தலைப்பு '10 நிமிஷத்தில் ரவா தோசை', தம்ப்நெயில்ல தோசையோட மூணு சட்னி, சாம்பார். கிளிக் வருது, 30 செகண்ட்ல பாதிப் பேர் போயிடுறாங்க."

படத்த பார்த்து சட்னிக்காக வந்தவங்களுக்கு சட்னி இல்ல, அவசரத்துக்கு வந்தவங்களுக்கு ரவை ஊறவே 20 நிமிஷம், அப்புறம் யாரு உக்காந்து பாப்பாங்க சகோ?

முறுமுறுப்பு ஒண்ண மட்டும் பிடிங்க. தலைப்பு 'ரவா தோசை முறுமுறுன்னு வர மாவு எவ்ளோ தண்ணியா இருக்கணும்?'னு வைங்க, டிஷ் பேர் முன்னாடி வரட்டும், மொபைல்ல கடைசிப் பகுதி வெட்டுப்படும். படத்துல ஒரே தோசை, ஓட்டை ஓட்டையா தெரியற மாதிரி க்ளோசப்ல, மேல 'மோர் பதம்'னு ரெண்டே வார்த்தை, தலைப்பையே திரும்ப எழுதாதீங்க. வலது கீழ் மூலையில வீடியோ ஓடுற நேரம் வந்து மறைக்கும், அங்க எதுவும் வேணாம். வீடியோவும் மாவு ஊத்துற ஷாட்லயே ஆரம்பிக்கட்டும்.