க/பெ என்ற இடத்தில் யார் பெயர்?

கேள்வி: கணக்குப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். மூன்று வருடம் கழித்து இப்போது மறுபடி விண்ணப்பிக்கிறேன். கடிதத்தில் அப்பா பெயர், மதம், திருமண நிலை எல்லாம் எழுத வேண்டுமா? மதத்தையும் அப்பா பெயரையும் எடுத்துவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று குழப்பமாக இருக்கிறது. விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகிறது. ‘திருமணமானவர்’ என்றே இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னார், அதனால் அதை மட்டும் மாற்றவில்லை.

பதில்: அப்பா பெயரும் மதமும் இருக்கட்டும், பிறகு வருவோம். “அதை மட்டும் மாற்றவில்லை” என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

எழுதாமல் விடுவது ஒன்று, பொய்யாக எழுதுவது வேறு. திருமண நிலையையே குறிப்பிடாவிட்டால் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ‘திருமணமானவர்’ என்று எழுதினால் ஏமாற்றுகிறீர்கள். பழைய மாதிரிக் கடிதத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அடியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்ற வரியும் இருக்கும், அதன் கீழ் உங்கள் கையெழுத்தும். அண்ணன் கையெழுத்துப் போடப் போவதில்லை. வேலையில் சேர்ந்த பிறகு வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் படிவம் தருவார்கள். அங்கே திருமண நிலையைக் கேட்பார்கள், நாமினியைக் கேட்பார்கள். அங்கே உண்மையை எழுதினால் இரண்டு தாளும் ஒன்றோடொன்று முரண்படும். அங்கேயும் பொய் எழுதினால் நாளை பணம் சேர வேண்டிய உங்கள் மகளுக்குத்தான் சிக்கல். குடும்ப மானத்தைக் காப்பாற்றத் தங்கையிடம் பொய்க்குக் கையெழுத்து வாங்குவது எனக்குத் தெரிந்த அண்ணன் கடமையில் சேராது. அவரிடம் இதை நீங்களே சொல்லுங்கள், என்னைக் காரணம் காட்டியே சொல்லுங்கள்.

சரி, அந்த வரியை ‘விவாகரத்தானவர்’ என்று திருத்த வேண்டுமா? வேண்டாம், வரியையே எடுத்துவிடுங்கள். திருமண நிலையைத் தேடிப் படிப்பவர்கள் பெரும்பாலும் அதிலிருந்து வேறொன்றை ஊகிக்கிறார்கள்: இவர் எப்போது சேருவார், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் கூடுதலாக உட்காருவாரா, சீக்கிரம் விட்டுப் போய்விடுவாரா என்று. அந்த ஊகத்துக்கு இடம் வைக்காமல் பதிலையே எழுதிவிடுங்கள். “பதினைந்து நாளில் சேர முடியும். மாதக் கடைசியில் கூடுதல் நேரம் வேலை செய்ய முடியும்.” நிஜமாகவே முடியும் என்றால் மட்டும். மூன்று வருட இடைவெளியை மறைக்காதீர்கள், தேதிகளே காட்டிக் கொடுத்துவிடும். “குழந்தை வளர்ப்பு காரணமாக வேலையில் இல்லை” என்று ஒரு வரி போதும்.

அப்பா பெயரை எடுப்பது அப்பாவுக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைக்கிறீர்கள் போல. எனக்கு அப்பா மேல் மரியாதை அதிகம்தான், ஆனால் அதை விண்ணப்பக் கடிதத்தில் காட்ட வேண்டியதில்லை. த/பெ, க/பெ என்று எழுதுவது ஒரே பெயரில் பலர் இருக்கும்போது ஆளை அடையாளம் காண உதவும். உங்கள் கடிதத்தில் அந்த வேலையைத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் செய்துவிடும். விளம்பரத்திலோ அச்சிட்ட படிவத்திலோ கேட்டிருந்தால் தயங்காமல் எழுதுங்கள். கேட்ட இடத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடக்கூடும்.

மதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘மதம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, வழிபாட்டுத் தலத்தில் செய்த சேவை என்று கீழே நான்கு வரி எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பூ கட்டியிருந்தால் அதுவும் போகட்டும். அங்கே இரண்டு வருடம் வரவு செலவு எழுதித் தணிக்கைக்குக் கொடுத்திருந்தால் அது கணக்கு அனுபவம், தாராளமாக வைக்கலாம். மதம் தெரிந்துவிடுமே என்று நல்ல அனுபவத்தை வெட்டுவதும் முட்டாள்தனம்தான்.

இவ்வளவையும் எடுத்த பிறகு கடிதத்தில் இடம் கிடைக்கும். உங்கள் ஆறு வருட வேலையைப் பற்றி எனக்கு எழுதியதே ஒரு வரிதான். கடிதத்திலும் அப்படித்தானா? எந்த மென்பொருளில் வேலை செய்தீர்கள், மாதம் எத்தனை பில் பார்த்தீர்கள், வரிக் கணக்கு யார் தாக்கல் செய்தது என்று அந்த இடத்தில் எழுதுங்கள்.

நாமினி படிவம் வரும்போது மகள் பெயரைப் போடுங்கள். அவள் சிறுமி என்பதால் காப்பாளர் ஒருவர் பெயரும் கேட்பார்கள். அண்ணன் பெயரை எழுதலாமா என்பதை, அந்த ஒரு வரியை அழிக்க அவர் சம்மதித்த பிறகு யோசியுங்கள்.