மசக்கையா, மிகைவாந்தியா? எந்த ட்ரிப்ஸ், எந்த மாத்திரை?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. முதல் கர்ப்பம், இப்போது 10 வாரம். மூன்று வாரமாக தினமும் பத்துப் பன்னிரண்டு முறை வாந்தி. நடுவில் ஒன்றும் வராமல் வெறும் ஓங்கரிப்பு ஐந்தாறு தடவை. தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் குமட்டல். தண்ணீர்கூட தங்குவதில்லை. 52 கிலோ இருந்தேன், இப்போது 48.5. பக்கத்து கிளினிக்கில் இரண்டு முறை குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் தெம்பாக இருக்கும், மறுநாள் பழையபடி. கொடுத்த மாத்திரையை, குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் போட விடவில்லை. மசக்கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறார். அப்படித்தானா?

பதில்: இல்லை அம்மா. இதை மசக்கை என்று விட்டுவைக்கக் கூடாது. இன்றைக்கே படுக்கை வசதியும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

சாதாரண மசக்கை ஐந்தாறு வாரத்தில் தொடங்கும், ஒன்பதாம் வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதில் வாந்தி வரும்தான். ஆனால் இரண்டு வாந்திக்கு நடுவில் மோரோ, ரசம் சாதமோ, மாங்காய்த் துண்டோ ஏதோ ஒன்று உள்ளே போய்த் தங்கும். எடை பெரிதாக இறங்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். உங்கள் மாமியார் பார்த்த மசக்கை இதுவாக இருக்கலாம். அவர் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் உங்களுக்கு வந்திருப்பது வேறு. இதை ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம், அதாவது கர்ப்பகால மிகைவாந்தி என்போம். நூறு கர்ப்பிணிகளில் ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளாகிறார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்தே கணக்குப் போடலாம். இறங்கியது 3.5 கிலோ. 52 கிலோவுக்கு அது கிட்டத்தட்ட 6.7 சதவீதம். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். அடுத்து, கடந்த 24 மணி நேரத்தை வைத்துப் போடும் 'பியூக்' மதிப்பெண். ஆறு மணி நேரத்துக்கு மேல் குமட்டல் என்றால் 5, ஏழு முறையோ அதற்கு மேலோ வாந்தி என்றால் 5, ஐந்தாறு ஓங்கரிப்புக்கு 4. மொத்தம் 15க்கு 14. ஆறு வரை லேசானது, 12 வரை நடுத்தரம், 13ஐத் தொட்டாலே கடுமை.

சிறுநீரில் 'அசிட்டோன்' வந்திருக்கிறதா என்று பார்த்து நோயின் கடுமையை அளக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பட்டினி கிடந்தால் அசிட்டோன் போன்ற கீட்டோன்கள் வரும், அவ்வளவுதான். நீர்ச்சத்து எவ்வளவு குறைந்தது என்பதை அது காட்டாது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுடைய 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அசிட்டோன் இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், எடைக் கணக்கைச் சொல்லுங்கள்.

இனி அந்த குளுக்கோஸ் பாட்டில். சாயங்காலத் தெம்பு உள்ளே போன நீரால் வந்தது. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, இரண்டு சின்ன இட்லியின் சத்துக்குமேல் தேறாது. வாந்தியில் நீங்கள் இழந்த சோடியம், குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் அதில் துளிகூட இல்லை. அதனால்தான் மறுநாள் பழையபடி ஆகிறது.

அதைவிட முக்கியமான ஒரு ஆபத்தும் உண்டு. குளுக்கோஸை உடல் எரிக்க தயமின் என்கிற வைட்டமின் பி1 வேண்டும். உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். தீட்டிய வெள்ளை அரிசியையே பிரதானமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த இருப்பு முதலிலேயே குறைவாக இருக்கலாம். மூன்று வாரம் எதுவும் தங்காத உடம்பில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். வெர்னிக்கி என்ற இந்தப் பாதிப்பில் பார்வை இரண்டாகத் தெரியும், கண்மணி துடிக்கும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். பலவீனத்தால் வரும் தலைச்சுற்றல் என்று இதைத் தவறாக நினைத்துவிடுவது எளிது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. சந்தேகம் வந்தவுடனேயே அதிக அளவு தயமினை நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் ரத்தம் எடுப்பார்கள்: சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை. பிறகு 0.9 சதவீத நார்மல் சலைன். உங்களைப் போன்ற நிலையில் முதல் லிட்டரை இரண்டு மணி நேரத்தில் ஏற்றலாம், பிறகு வேகத்தைக் குறைக்கலாம். முதல் நாளில் மொத்தம் இரண்டு மூன்று லிட்டர் தேவைப்படலாம். தயமின் 100 மில்லிகிராம் நரம்பு வழியாகப் போன பிறகுதான் குளுக்கோஸ் கலந்த பாட்டில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். "டாக்டர், பி1 போட்டாச்சா?" என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை.

சிறுநீர் பிரியத் தொடங்கியதும் பொட்டாசியம். அறிக்கையில் 2.9 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம், இயல்பு 3.5க்கு மேல். நம்மிடம் கிடைக்கும் 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் ஒன்றில் 20 மில்லிமோல் இருக்கும். அதை அரை லிட்டர் சலைனில் கலந்து, நன்றாகக் குலுக்கி, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். மணிக்கு 10 மில்லிமோலைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நேரடியாக ஊசியில் ஒருபோதும் செலுத்தக் கூடாது. கை எரிந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்கள். சோடியம் மிகவும் குறைந்திருந்தால் அதையும் அவசரப்பட்டு ஏற்றக் கூடாது. ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்ந்தால் மூளைத்தண்டு பாதிக்கப்படலாம். அதனால்தான் அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனை. காசு பறிக்கத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால், காரணத்தைச் சொல்லுங்கள்.

இத்துடன் ஒரு ஸ்கேன் வேண்டும், இரட்டைக் குழந்தையா, முத்துப்பிள்ளைக் கர்ப்பமா என்று பார்க்க. தைராய்டு பார்த்தால் டி.எஸ்.ஹெச். குறைவாகக் காட்டலாம். கர்ப்ப ஹார்மோன் தைராய்டைத் தூண்டுவதால் வருவது அது, பெரும்பாலும் தானே சரியாகும், தைராய்டு மாத்திரை தேவையில்லை. காய்ச்சல், வயிற்றுவலி, சிறுநீர் எரிச்சல் இருந்தாலோ, 16 வாரத்துக்குப் பிறகு புதிதாக வாந்தி தொடங்கினாலோ வேறு காரணம் தேட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில்தான் உங்கள் வீட்டோடு எனக்குச் சண்டை. டாக்சிலமினும் பிரிடாக்சினும் (வைட்டமின் பி6) சேர்ந்த மாத்திரை பல லட்சம் கர்ப்பிணிகள் பயன்படுத்தியது. வழக்குகளால் 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு வந்த ஆய்வுகளில் குழந்தைக்கு ஊனம் வருவதாக நிரூபணமாகவில்லை, 2013இல் அங்கே மீண்டும் அனுமதி கிடைத்தது. ஒவ்வொன்றும் 10 மில்லிகிராம் உள்ள மாத்திரை என்றால், இரவு படுக்கும்போது இரண்டில் தொடங்குவோம். போதாவிட்டால் காலை ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு நான்குதான் உச்சம். இது மெதுவாகக் கரையும் மாத்திரை. இரவில் விழுங்கினால் காலையில்தான் வேலை செய்யும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுவதும், விழுங்க முடியாமல் உடைத்துப் பொடியாக்குவதும்தான் இது தோற்கும் வழக்கமான காரணங்கள். தூக்கம் வரும். தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகளைக் கூடவே சேர்க்காதீர்கள்.

உங்கள் நிலையில் இது மட்டும் போதாது, முதலில் ஊசிதான். மெட்டோகுளோப்ரமைடு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், ஐந்து நாளுக்கு மேலும் வேண்டாம். குறைந்தது மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். வேகமாகப் போட்டால் படபடப்பு வரும், இளவயதுப் பெண்களுக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதும் கண் மேலே செருகுவதும் நடக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், மாற்று ஊசி போட்டால் விரைவில் சரியாகும். ஆனால் அதன்பின் அந்த மருந்தைத் தொடக் கூடாது.

ஆன்டான்செட்ரான் நன்றாக வேலை செய்யும், 4 மில்லிகிராம் மாத்திரை நாக்கிலேயே கரையும் என்பதால் விழுங்கி வாந்தியெடுக்கும் தொல்லையும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் உதடு, அண்ணப் பிளவு பத்தாயிரம் குழந்தைகளில் 11 என்பதிலிருந்து 14 ஆகலாம் என்று ஒரு பெரிய ஆய்வுக் கணக்கு உண்டு. அந்த மூன்று பேர் கூடுதலை உங்களிடம் மறைக்கவும் கூடாது, பெரிதாக்கவும் கூடாது. மற்ற மருந்து கேட்காதபோது இதைக் கொடுப்பதுதான் சரி. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை இது சற்று நீட்டிப்பதால், பொட்டாசியம் 2.9 இருக்கும்போது முதலில் அதைச் சரிசெய்து, ஒரு இ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொண்டு, மலமிளக்கியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். எதற்கும் அடங்காத சிலருக்கு ஸ்டீராய்டு வரை போக வேண்டியிருக்கும்.

வாந்தி குறைந்ததும் ஒரேயடியாகக் குடிக்காதீர்கள். குளிர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் ஐந்து நிமிடத்துக்கு இரண்டு டீஸ்பூன். ஒரு மணி நேரம் தங்கினால் அளவைக் கூட்டலாம். உணவை ஆறவைத்துச் சாப்பிட்டால் வாசனை குறையும். தாளிக்கும்போது அடுக்களைப் பக்கம் போகவே வேண்டாம். இஞ்சி லேசான மசக்கைக்குச் சரி, உங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

இது மனசு சம்பந்தப்பட்டது என்று யாராவது சொன்னால், நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற புரதம்தான் முக்கியக் காரணம் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியதைச் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன் அந்தப் புரதம் குறைவாக இருந்த பெண்களின் உடல், திடீரென அது ஏறும்போது தாங்குவதில்லை.

வீடு திரும்பும்போது மாத்திரைச் சீட்டு இல்லாமல் வராதீர்கள். ட்ரிப்ஸில் தேறி, வீட்டில் மருந்தை நிறுத்தி, நாலு நாளில் திரும்ப அட்மிட் ஆகிறவர்கள்தான் அதிகம். நன்றாக இருந்தாலும் குறைந்தது இரண்டு வாரம் தொடருங்கள். பிறகு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு மாத்திரை வீதம் குறைக்கலாம். வாரம் இருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். எட்டு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டாலும், வாந்தியில் ரத்தம் தெரிந்தாலும், 24 மணி நேரம் எதுவும் தங்காவிட்டாலும் திரும்பப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும், இப்போதைக்கு நிறுத்திவைத்து ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடருங்கள். சாப்பாடு தங்கத் தொடங்கிய பிறகு இரும்பு மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம், அதையும் இரவில் போட்டுக்கொள்ளுங்கள்.