கறுப்பு அதிகமானால் பாதுகாப்பும் அதிகமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. தினமும் மூன்று மணி நேரமாவது வெயிலில் பைக் ஓட்டுகிறேன். கடையில் இரண்டு கூலிங் கிளாஸ் பார்த்தேன். ஒன்று நல்ல கறுப்பு, விலை அதிகம், 'போலரைஸ்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இன்னொன்று கொஞ்சம் வெளிர் சாம்பல் நிறம், விலை குறைவு, 'யுவி 400' என்று இருந்தது. எதை வாங்கலாம்?

பதில்: இந்த இரண்டில் ஒன்று என்றால் வெளிர் சாம்பலையே வாங்குங்கள்.

கறுப்பு நிறம் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டுமே. புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. அதைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதில் கலந்த அல்லது பூசிய தடுப்பானும்தான். 'யுவி 400' என்றால் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களை, அதாவது புற ஊதா ஏ, பி இரண்டையும், லென்ஸ் தடுக்கிறது என்று பொருள். அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி போட்டால், இருட்டுக்குப் பழகி உங்கள் கண்மணி விரியும். விரிந்த கண்மணி வழியே கூடுதல் கதிர் உள்ளே போகும். கண்ணும் கூசாது என்பதால் வெயிலில் இன்னும் அதிக நேரம் இருப்பீர்கள்.

கறுப்பின் அளவுக்குத் தனி எண் உண்டு. காதில் மாட்டும் பகுதியின் உட்புறத்தில் 'கேட்டகரி' என்று 0 முதல் 4 வரை அச்சிட்டிருப்பார்கள். வெயிலுக்கு 3 போதும். 4 போட்டு வண்டி ஓட்டக் கூடாது. அது 8 சதவீதத்துக்கும் குறைவான வெளிச்சத்தையே விடும், சாலை நிழலில் பள்ளம் தெரியாது.

ஸ்டிக்கரை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால், கண்ணாடிக் கடையில் யுவி மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், சில நொடி வேலைதான். வீட்டில் யுவி டார்ச் அடித்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம். பல டார்ச்சுகள் 395 நானோமீட்டருக்கு அருகிலும் அதற்கு மேலும் ஒளிவிடும், கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியும் கலந்திருக்கும். அதனால் நல்ல லென்ஸும் அதில் தோற்றதுபோல் தெரியும்.

பைக் ஓட்டுபவருக்கு லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருப்பது முக்கியம். கல் தெறித்தால் சாதாரணக் கண்ணாடிபோல் எளிதில் சில்லாக உடையாது. அந்தப் பொருளே புற ஊதாவைப் பெருமளவு உறிஞ்சிவிடும். ஆனால் சீக்கிரம் கீறல் விழும். தூசியோடு துணியால் துடைக்காமல் முதலில் தண்ணீரில் கழுவுங்கள்.

போலரைஸ்டு லென்ஸ் ஈரச் சாலை, தண்ணீர், கார் பானெட்டில் பட்டு வரும் கூச்சத்தைக் குறைக்கும். புற ஊதாத் தடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் சேர்ந்து கிடைத்தால் நல்லது. வாங்கும் முன் அதைப் போட்டுக்கொண்டு உங்கள் வண்டியின் டிஜிட்டல் மீட்டரையும், வழி பார்க்கும் போனையும் நேராகவும் தலையைச் சாய்த்தும் பாருங்கள். சில திரைகள் சுத்தமாக இருண்டுவிடும். அப்படியானால் போலரைஸ்டு இல்லாத யுவி 400 லென்ஸே உங்களுக்குச் சரி.