கூடுதல் விலைக்கு பில் போட்டால் சுங்கவரியும் கூடும், அப்புறம் யாருக்கு லாபம்?

கேள்வி: "கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சரக்கு சீனாவிலிருந்து நேரே சென்னைக்கு வருகிறது, இன்வாய்ஸ் மட்டும் துபாய் கம்பெனி பெயரில். விலையும் மார்க்கெட்டை விட அதிகம். விலை கூடினால் சுங்கவரியும் கூடத்தானே கட்டணும்? இதனால் யாருக்கு என்ன லாபம்?"

பதில்:

புதுச்சேரியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக பில் ஆஃப் என்ட்ரி போடுகிறேன். பில் விலையில் பொய் என்றாலே எல்லோரும் குறைத்துக் காட்டுவதைத்தான் நினைப்பார்கள். வரி அதிகமுள்ள பொருளில் அதுதான் நடக்கும். உங்கள் ஊர் ஆலைகள் வாங்கும் மூலப்பொருளுக்கு வரி குறைவு. அங்கே கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பொருளின் உண்மை விலை கிலோ 2 டாலர், பில்லில் 2.80. வருடத்துக்கு உண்மை விலையில் ஒரு கோடி ரூபாய் சரக்கு வந்தால், பில்லில் அது ஒரு கோடியே 40 லட்சம். அடிப்படைச் சுங்கவரி 7.5 சதவீதம், அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நல சர்சார்ஜ், ஆக 8.25. ஏற்றிய 40 லட்சத்துக்கு இதனால் கூடுதலாகக் கட்டுவது 3 லட்சத்து 30 ஆயிரம். ஐஜிஎஸ்டியும் கூடும், ஆனால் அதை கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கையைக் கடிக்காது.

இப்போது வருமான வரிப் பக்கம் வாருங்கள். கொள்முதல் செலவு 43 லட்சத்து 30 ஆயிரம் ஏறியதால் லாபம் அவ்வளவு இறங்குகிறது. புதிய விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு வரி 25.17 சதவீதம், அப்படியானால் மிச்சம் சுமார் 10 லட்சத்து 90 ஆயிரம். சுங்கத்தில் போனதைக் கழித்தாலும் ஏழரை லட்சத்துக்கு மேல் நிற்கிறது. துபாய் கம்பெனியும் முதலாளியுடையதே என்றால், அந்த 40 லட்சம் துபாயில் அவர் கையிலேயே சேர்ந்துவிட்டது. அங்கே 3,75,000 திர்ஹாம் லாபம் வரை கம்பெனி வரியே கிடையாது, அதற்கு மேலும் 9 சதவீதம்தான். நாடுகளுக்கிடையிலான வர்த்தக ஒப்பந்தச் சலுகையில் சுங்கவரி பூஜ்யமாகும் பொருளென்றால், அந்த 3 லட்சத்து 30 ஆயிரமும் போகாது.

இழப்பு அரசுக்கு மட்டும் இல்லை. போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், லாபத்தைப் பொறுத்து 20 வரை போகலாம். லாபம் துபாயில் இருந்தால், "இந்த வருஷம் லாபமே இல்லையப்பா" என்று சொல்லி 8.33-லேயே நிறுத்திவிடலாம். டிரம் உருட்டுகிறவரின் தீபாவளிப் பணம் இது. எனக்கு இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுங்கத்தில் பிடிக்க மாட்டார்களா? விலை குறைவாக இருந்தால் கேட்பார்கள், பழைய இறக்குமதி விலைகளோடு கணினியிலேயே ஒப்பிடுவார்கள். கூடுதலாக வரி வருகிற பில்லை யாரும் அவசரமாகத் திறப்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது வருமான வரித்துறை. சொந்தக் கம்பெனிகளுக்குள் நடக்கும் வியாபாரத்தில் வெளியாருக்குப் போடும் விலைதான் போட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆனால் துபாய் கம்பெனி உறவினர் பெயரிலோ பினாமி பெயரிலோ இருந்தால், அந்தத் தொடர்பே கணக்கில் தெரியாது.

ஒருமுறை எங்கள் கைக்கு வந்த லோடில், டிரம் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் தரச் சான்றோடு சீன ஆலையின் புரோஃபார்மா இன்வாய்ஸும் மடித்துக் கிடந்தது. அனுப்பியவர் மறந்து வைத்தது. அதே லாட் எண், அதே 80 டிரம், 16,000 கிலோ, விலை மட்டும் எங்கள் பில்லில் இருந்ததை விட வெகுவாகக் குறைவு. அந்த வாடிக்கையாளரின் வேலையையே எங்கள் முதலாளி அதோடு விட்டுவிட்டார்.

நீங்களும் கோப்பில் பாருங்கள். பில் ஆஃப் லேடிங்கில் அனுப்புநர் யார், தரச் சான்றில் யார் பெயர், பணம் எந்த வங்கிக்குப் போகிறது, வேறு ஆட்கள் இதே பொருளை என்ன விலைக்கு இறக்குகிறார்கள் என்று. மூன்றாம் நாட்டு பில் என்பதாலேயே குற்றம் ஆகிவிடாது. இடையில் நிற்பவர் 90 நாள் கடன் கொடுக்கலாம், சிறு அளவில் வாங்கித் தரலாம், அதற்குச் சில சதவீதம் எடுப்பது நியாயம்தான். எதுவும் செய்யாமல் 40 சதவீதம் எடுக்கிறார் என்றால் அதற்கு வேறு விளக்கம் இல்லை.

விலையைப் பொய்யாகக் காட்டிய சரக்கை, கூட்டிக் காட்டியிருந்தாலும், சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவில் பறிமுதல் செய்யலாம். உங்களுக்கு முக்கியமானது 114ஏஏ. பொய் என்று தெரிந்தே ஆவணத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு, சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் போட அதில் இடம் இருக்கிறது. முதலாளி, ஊழியர் என்று பிரிவு அதில் இல்லை. மதிப்புப் பிரகடனத்தில் உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னால், துபாய் கம்பெனி யாருடையது என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.