"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் என்ன கேட்பது?

இன்டர்வியூ முடியும்போது இந்தக் கேள்வி வரும். "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்துவிடாதீர்கள். அந்த வேலையை நீங்கள் எடை போடக் கிடைக்கும் நேரம் அதுதான். பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடம்தான் இருக்கும் என்பதால் இரண்டு கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள்.

"இங்கே வேலைச் சூழல் எப்படி?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "நன்றாக இருக்கும்" என்றுதான் சொல்வார்கள். அபிப்பிராயம் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: "இந்த இடம் எப்படிக் காலியானது? முன்பு இருந்தவர் எவ்வளவு நாள் இருந்தார்?" இதை ஹெச்.ஆரிடமும் கேளுங்கள், நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்களோ அந்த மேனேஜரிடமும் கேளுங்கள். பதவி உயர்வு பெற்றுப் போனார், டீம் பெரிதாகிறது என்றால் நல்லது. இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் கவனம் தேவை.

அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஹெச்.ஆர். "புதிதாக உருவாக்கிய இடம்" என்கிறார். மேனேஜரோ, "போன ஆள் ஏழு மாதத்தில் போய்விட்டார், அதற்கு முந்தையவரும் ஒரு வருடம் தாண்டவில்லை" என்கிறார். உடனே வேண்டாம் என்று முடிவு செய்யத் தேவையில்லை. மெதுவாக, "அடுத்து வருபவர் நிலைத்து இருக்க இப்போது என்ன மாற்றியிருக்கிறீர்கள், சார்?" என்று கேளுங்கள். "மாதக் கடைசிக் கணக்கை ஒருவரே முடிக்க வேண்டியிருந்தது, இனி இன்னொருவரும் சேர்ந்து பார்ப்பார்" என்றால், கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று மட்டும் சொன்னால், எதுவும் மாறவில்லை. அடுத்த ஏழு மாதம் உங்களுடையதாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி மேனேஜருக்கு மட்டும்: "முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்தால், சரியான ஆளை எடுத்தோம் என்று நினைப்பீர்கள்?" "முதல் மாதம் பில் பதிவு, மூன்றாம் மாதம் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பதைத் தனியாகச் செய்ய வேண்டும்" என்பது போன்ற பதில் வந்தால் வேலை என்னவென்று முடிவாகியிருக்கிறது. "எல்லாம்தான் பார்க்கணும்" என்றால், "ஆரம்பத்தில் யார் சொல்லித் தருவார்கள்?" என்று தொடருங்கள். அதற்கும் ஒரு பெயரோ பொறுப்போ வரவில்லை என்றால், புதிதாக வேலைக்கு வருபவர் தடுமாறுவார். அனுபவம் உள்ளவருக்கு இது அவ்வளவு பெரிய குறை இல்லை.

சம்பளம், விடுப்பு பற்றிய கேள்விகளை மேனேஜரிடம் கொண்டுபோக வேண்டாம், ஹெச்.ஆரிடம், எடுக்கிறோம் என்று சொன்ன பிறகு கேட்கலாம்.

வெளியே வந்ததும் இரண்டு பேர் சொன்ன பதிலையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் பதவிப் பெயர், வேலைப் பொறுப்பு இரண்டையும் அந்தக் குறிப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.