304 நாளா, 305 நாளா?

ஐயா, வணக்கம். லுங்கி வியாபாரத்துக்காக என் சித்தப்பாவிடம் 31-08-2023 அன்று புரோநோட்டு எழுதிக்கொடுத்து இரண்டு லட்சம் வாங்கினேன். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. வட்டிக்கு வட்டி கிடையாது. 30-06-2024 அன்று அசலைக் கொடுத்துவிட்டேன். வட்டிக் கணக்குதான் இன்னும் முடியவில்லை. சித்தப்பா விரல்விட்டு எண்ணி 305 நாள், 30,500 ரூபாய் என்கிறார். எக்செல்லில் தேதியைக் கழித்தால் 304. தம்பி ஏதோ பார்முலா போட்டு 300 என்கிறான். கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் 2023-க்குத் தனியாக, 2024-க்குத் தனியாகப் பிரித்துப் போட்டு 303 என்றார். லீப் வருடம் குறுக்கே வந்ததால்தான் இத்தனை குழப்பமா? ஆகஸ்ட் 31-இல் வாங்கியதற்கு ஜூனில் 31-ஆம் தேதியே இல்லையே, அதை எப்படி எடுப்பது?

ர., குடியாத்தம்

அன்புள்ள ர.,

304 சரி. ஆனால் எக்செல் சொன்னது என்பதற்காக உங்கள் சித்தப்பா ஏற்றுக்கொள்ள மாட்டார், ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. அவரே பார்த்துத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பழைய காலண்டர் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் கைபேசியில் பாருங்கள். 31-08-2023 வியாழக்கிழமை. 30-06-2024 ஞாயிற்றுக்கிழமை. வியாழனிலிருந்து ஞாயிறு மூன்றாம் நாள். ஆகவே இடையில் எத்தனை வாரம் போயிருந்தாலும், நாள் கணக்கை ஏழால் வகுத்தால் மீதி 3 வந்தாக வேண்டும். 304-ஐ வகுத்தால் 43 வாரம் போக மீதி 3. 305-க்கு மீதி 4, 303-க்கு 2, 300-க்கு 6. மூன்றும் அடிபட்டுவிட்டன.

இதில் லீப் வருடத்தைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிப்ரவரி 29 வந்ததும் அதற்கு ஒரு கிழமை போய்விட்டது. காலண்டர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஜூன் 30-ஐ ஞாயிறில் வைத்திருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். சரியாக ஏழு நாளோ பதினான்கு நாளோ பிசகினால் மட்டும் காட்டாது. அப்படிப்பட்ட பிசகு, மாதத்துக்குச் சுமார் முப்பதரை என்று போட்டுப் பார்த்தாலே கண்ணில் படும்.

சித்தப்பாவின் 305 எங்கிருந்து வந்தது? பணம் கொடுத்த நாள், திரும்பி வந்த நாள் இரண்டையும் எண்ணியிருக்கிறார். இன்று மாலை வாங்கி நாளை காலை கொடுத்தால் அது ஒரு நாள் கடனா, இரண்டு நாள் கடனா என்று அவரிடமே கேளுங்கள். ஒரு முனையைத்தான் எண்ண வேண்டும். கொடுத்த தேதியை விட்டுவிட்டுத் திரும்பிய தேதியைச் சேர்ப்பது வழக்கம். 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் நோட்டு முதிரும் நாளை எண்ணும்போது நோட்டின் தேதியை நீக்கச் சொல்கிறது.

இரு முனையையும் எண்ணும் முறை ஏன் நிற்காது என்று காட்ட இன்னொரு சோதனையும் உண்டு. காலத்தை நடுவில் எங்கேயாவது வெட்டுங்கள். இரண்டு துண்டும் சேர்ந்தால் முழுசு வர வேண்டும். டிசம்பர் 31-இல் வெட்டுவோம். ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை 122, அங்கிருந்து ஜூன் 30 வரை 182. கூட்டினால் 304. சித்தப்பா வழியில் எண்ணினால் 123-ம் 183-ம் சேர்ந்து 306 ஆகிறது, முழுசாக எண்ணினால் 305. டிசம்பர் 31-க்கு இரண்டு தடவை வட்டி விழுந்துவிட்டது. நடுவில் கொஞ்சம் அசல் கட்டுகிறவர்களுக்கு இது ஒவ்வொரு தவணையிலும் ஒரு நாள் கூடுதல்.

நண்பரின் 303 வேறு மாதிரி. அது இரண்டு தப்பில் ஏதோ ஒன்று. பிப்ரவரிக்கு 28 போட்டிருக்கலாம். அல்லது 2024 துண்டை ஜனவரி 1-இலிருந்து தொடங்கி, தேதியைக் கழித்து 181 எடுத்திருக்கலாம். அப்போது ஜனவரி 1 எந்தத் துண்டிலும் சேராமல் நழுவிவிடும். இரண்டு தப்புக்கும் விடை ஒன்றேதான், அதனால் மொத்தத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மாதவாரியாக எழுதச் சொல்லுங்கள்: செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30. அவருடைய தாளில் ஜனவரிக்கு 30 இருந்தால் ஒரு தப்பு, பிப்ரவரிக்கு 28 இருந்தால் மற்றது.

இப்படி எழுதிப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சித்தப்பா இரு முனையையும் எண்ணி, பிப்ரவரி 29-ஐயும் மறந்திருந்தால் அவருக்கு 304 வந்திருக்கும். கிழமைச் சோதனையிலும் தேறியிருப்பார். ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைத்துவிடும். அடுத்த வருடக் கணக்கில்தான் அது வெளியே வரும்.

லீப் நாள் எப்போது சேரும் என்பதிலும் பலருக்குக் குழப்பம். கணக்கு 2024-ஐத் தொட்டாலே ஒரு நாள் கூட்டுகிறார்கள். நீங்கள் ஜனவரி 31-இலேயே பணத்தைத் திருப்பியிருந்தால் லீப் வருடத்துக்கும் உங்கள் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. பிப்ரவரி 29 தொடக்கத் தேதிக்குப் பிறகும், முடிவுத் தேதிக்குள்ளும் விழ வேண்டும். 28-02-2024 முதல் 28-02-2025 வரை 366 நாள். 29-02-2024 அன்றே வாங்கியிருந்தால் அதே முடிவுத் தேதிக்கு 365-தான், ஏனென்றால் வாங்கிய நாளை விட்டுவிடுகிறோம்.

இனி மாதக் கடைசி. தம்பியின் 300 தவறான எண்ணிக்கை அல்ல, வேறு முறை. அவர் போட்டது இதில் இரண்டாவதாக இருக்கும்:

```
=DATE(2024,6,30)-DATE(2023,8,31)
=DAYS360(DATE(2023,8,31),DATE(2024,6,30))
```

முதலாவது 304 தரும். இரண்டாவது எல்லா மாதத்துக்கும் முப்பது நாள் என்று வைத்துக்கொண்டு, 31-ஐ 30 ஆக்கி, பத்து மாதத்துக்கு 300 தரும். நம் நாட்டில் அரசுக் கடன் பத்திரங்களுக்கு இந்த முப்பது, முந்நூற்றறுபது கணக்குதான் நடக்கிறது. ஆனால் 300-ஐ 360-ஆல்தான் வகுக்க வேண்டும்.

ஜூனில் 31 இல்லாவிட்டால் அந்த மாதக் கடைசி நாளே மாதம் முடியும் நாள். மேலே சொன்ன சட்டத்தின் 23-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கிறது: நேர் தேதி இல்லாத மாதத்தில் அதன் கடைசி நாளோடு காலம் முடியும். ஆகவே ஆகஸ்ட் 31 முதல் ஜூன் 30 வரை முழுசாகப் பத்து மாதம். எக்செல்லில் மாதத் தேதிகளை வரிசையாகப் போடும்போது மட்டும் ஜாக்கிரதை. EDATE-ஐ முந்தைய தேதிமேல் போட்டுக்கொண்டே போனால் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30 ஆகி, அடுத்தது அக்டோபர் 30 ஆகிவிடும். பிப்ரவரி 29-ஐத் தாண்டியதும் மார்ச் 29 என்று இன்னும் பின்னால் சரியும். எப்போதும் முதல் தேதியிலிருந்தே `=EDATE($A$1,6)` என்று மாத எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இதுவரை ஒரு நாளுக்காகச் சண்டை போட்டோம். ரூபாயில் பார்த்தால் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம், இரண்டு லட்சத்துக்கு 36,000. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி 98 ரூபாய் 63 காசு. 304 நாளுக்கு 29,983 ரூபாய் 56 காசு. மாதமாகப் பார்த்தால் பத்து மாதம், மாதம் 3,000, மொத்தம் 30,000. இரண்டுக்கும் நடுவே பதினாறு ரூபாய்ச் சொச்சம்தான்.

சித்தப்பாவின் 30,500-க்கும் உங்கள் கணக்குக்கும் 516 ரூபாய் 44 காசு வித்தியாசம். இதில் கூடுதல் நாளின் பங்கு வெறும் நூறு ரூபாய். மீதி 416 ரூபாய் 44 காசுக்குக் காரணம், அவர் மாத வட்டி 3,000-ஐ முப்பதால் வகுத்து நாளுக்கு 100 என்று எடுத்து, அதைக் காலண்டர் நாட்களால் பெருக்கியதுதான். வகுக்கும்போது மாதத்துக்கு முப்பது நாள், பெருக்கும்போது முப்பத்தொன்றும் உண்டு. அப்படிப் பார்த்தால் சாதாரண வருடத்துக்கே 36,500 வாங்குவார், பேசியது 36,000. அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் கைமாற்றுக் கொடுக்கல் வாங்கலில் நாளுக்கு இத்தனை என்று முப்பதால் வகுத்துச் சொல்வது வாய்க்கணக்குக்குச் சுலபம், அதனால் ஒட்டிக்கொண்டது. நாளுக்கு நூறு என்றால் 300 நாள், 304 நாள் என்றால் நாளுக்கு 98.63. இரண்டில் ஒன்று.

லீப் வருடத்துக்கு 366-ஆல் வகுக்க வேண்டாமா என்று உங்கள் நண்பர் கேட்பார், அதற்காகத்தான் பிரித்திருப்பார். 2023-இன் 122 நாளுக்கு 365, 2024-இன் 182 நாளுக்கு 366 என்று போட்டால் 12,032.88-ம் 17,901.64-ம் சேர்ந்து 29,934 ரூபாய் 52 காசு. சில வங்கிகள் இப்படித்தான் செய்கின்றன, சில எப்போதும் 365 வைத்துக்கொள்கின்றன. உங்கள் நோட்டில் இதைப் பற்றி எழுதியிருக்காது. எழுதாதபோது 365 வைத்துக்கொள்வது எளிது என்பது என் அபிப்பிராயம். 304-ஐ 366-ஆல் மொத்தமாக வகுப்பது மட்டும் கூடாது, அதில் 122 நாள் லீப் வருடத்தைச் சேர்ந்ததே இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சித்தப்பாவுக்கு 30,000 கொடுப்பேன். பேச்சு மாத வட்டியில் நடந்தது, மாதமும் முழுசாகப் பத்து. நாள் கணக்கே அங்கே தேவைப்படவில்லை. பதினெட்டு நாளோ இருபது நாளோ உடைந்து நின்றிருந்தால்தான் தேவைப்பட்டிருக்கும். கொடுக்கும்போது நோட்டின் பின்பக்கம் 30-06-2024 அன்று அசல் வரவு, இன்ன தேதியில் வட்டி வரவு என்று அவர் கையால் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கி, நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நோட்டு எழுதினால் வட்டி விகிதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: உடைந்த நாட்களுக்கு வருடம் 365 நாள், கொடுத்த தேதி நீங்கலாக, திருப்பிய தேதி உட்பட.